துரைக்குச் சொன்னோம் என்பது முறைப்பாடு ஆகாது



சங்கக் கூட்டத்தில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு: "துரைக்குச் சொன்னோம், கணக்கப்பிள்ளைக்கும் சொன்னோம், ஒன்றும் நடக்கவில்லை. இனிக் கோட்டுக்குத்தான் போக வேணும்." என்ன சொன்னீர்கள், எந்தத் தேதியில் சொன்னீர்கள், எழுத்தில் கொடுத்தீர்களா என்று கேட்டால் பதில் வராது. வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை, தேதியும் இல்லை. ஆறு மாதம் கழித்து, "யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை" என்று நிர்வாகம் சொல்லிவிட்டால் நம்மிடம் மறுமொழி இருக்காது.

கடலுக்கு அந்தப் பக்கம் இந்த இடைவெளியை நிரப்பச் சட்டத்திலேயே ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதற்குக் குறைதீர்க்கும் குழு என்று பெயர். 1964 ஒப்பந்தத்தின் பிறகு கப்பலேறிப் போன நம்முடைய உறவுகளுக்கு வேலை கொடுக்கவென்று 1968இல் தமிழ்நாட்டு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. 1977 கலவரத்தின் பின் மலையகத்தை விட்டு இந்த வாவிக் கரைப் பக்கம் வந்து குடியேறிய குடும்பங்கள் பலவற்றில், அண்ணன் இங்கே, தங்கை கூடலூரில் என்றிருக்கிறது. அந்தத் தங்கைக்கு உள்ள வழி அண்ணனுக்கு ஏன் இல்லை என்று பார்ப்பது வீண் வேலை அல்ல.

ஓர் உதாரணத்தை வைத்தே பேசுவோம். இது நடந்த கதை அல்ல, ஆனால் நடக்காத தோட்டமும் குறைவு. வாவிக் கரையில் ஒரு தென்னந்தோட்டம். ஒரு தம்பி அலவாங்கில் தேங்காய் உரிக்கிறார். உரித்த எண்ணிக்கைக்குத்தான் கூலி. செவ்வாய்க்கிழமை அவர் உரித்தது 900 காய். கணக்கில் விழுந்தது 700. கேட்டால் "சிறுகாயைக் கழித்தோம்" என்கிறார்கள். சிறுகாயைக் கழிப்பார்கள் என்று முன்னர் யாரும் சொல்லவில்லை. கழித்த காயும் தோட்டத்தின் குவியலிலேயே கிடக்கிறது, லொறியில் ஏறியும் போகிறது.

இந்தத் தம்பி இந்தியாவில் இருந்தால் என்ன செய்யலாம்? அங்கே 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வொரு தொழில் நிலையத்திலும் இப்படியொரு குழு இருக்க வேண்டும் என்று 2010இல் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். குழுவில் நிர்வாகத்தின் ஆட்களும் தொழிலாளரின் ஆட்களும் சம எண்ணிக்கையில் இருப்பார்கள். தலைமை ஒரு வருடம் அவர்கள் பக்கம், மறு வருடம் இவர்கள் பக்கம். எழுத்தில் கொடுத்த முறைப்பாட்டை 45 நாளில் முடிக்க வேண்டும். ஆனால் அந்தப் பழைய ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. குழுவின் முடிவு பிடிக்காவிட்டால் மேல்முறையீடு யாரிடம்? முதலாளியிடமே. யார் கணக்கைப் பற்றி முறையிட்டோமோ அவரிடமே திரும்பவும் போய் நிற்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் அவர் பதில் சொல்வார். பல தோட்டங்களில் அந்தக் குழு கடதாசியோடு நின்றதில் நமக்கு ஆச்சரியம் இல்லை.

2020இல் இயற்றிய தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தின் மற்றப் பகுதிகளை, முக்கியமாக வேலைநிறுத்தத்துக்குப் போடும் கட்டுப்பாடுகளை, அங்குள்ள சங்கங்கள் எதிர்க்கின்றன. நாமும் அந்த எதிர்ப்போடுதான் நிற்கிறோம். இருந்தாலும் குறைதீர்க்கும் குழுவைப் பற்றிய பகுதியில் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

20 பேர் என்ற அளவு அப்படியே இருக்கிறது. குழுவில் ஆகக் கூடியது பத்துப் பேர், இரு தரப்பும் சமம். தோட்டத்துத் தொழிலாளரில் பெண்களின் பங்கு எவ்வளவோ, குழுவில் அவர்களின் பங்கு அதற்குக் குறையக் கூடாது. கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்களாக இருக்கும் தோட்டத்தில், நான்கு ஆண்களும் ஒப்புக்கு ஒரு பெண்ணும் உட்கார்ந்திருக்க முடியாது. குறை உண்டான நாளில் இருந்து ஒரு வருடத்துக்குள் முறைப்பாட்டைக் கொடுக்கலாம். குழு அதை 30 நாளில் முடிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பயனுள்ளது வாக்கைப் பற்றிய விதிதான். பெரும்பான்மை மட்டும் போதாது. தொழிலாளர் பக்கத்து உறுப்பினரில் பாதிக்கு மேற்பட்டோரும் சம்மதித்தால்தான் அது முடிவு. நம் தம்பியின் 200 காய்க்கு இதை வைத்துப் பாருங்கள். குழுவில் ஐந்து பேர் நிர்வாகம், ஐந்து பேர் தொழிலாளர். சிறுகாயைக் கழித்தது சரி என்று நிர்வாகத்தின் ஐவரும் சொல்கிறார்கள். தொழிலாளரில் இருவர், பயத்தாலோ தயவுக்காகவோ, அவர்களோடு சேர்கிறார்கள். பத்தில் ஏழு. ஆனாலும் அது முடிவாகாது, ஏனென்றால் தொழிலாளர் ஐவரில் மூவர் சம்மதிக்கவில்லை. குழுவால் முடிவு எடுக்க முடியவில்லை என்றே சட்டம் அதைக் கருதும். இரண்டு பேரை விலைக்கு வாங்கி ஒருவரின் முறைப்பாட்டைப் புதைக்க முடியாது. மறுபக்கமும் உண்டு: நம் ஐவரும் ஒன்றாக நின்றாலும் நிர்வாகத்தில் ஒருவராவது நம்மோடு சேராமல் பெரும்பான்மை வராது. ஆகவே குழு என்பது நமக்கு வெற்றியைக் கையில் தரும் இடம் அல்ல. கேள்வியை எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கும் இடம்.

பழைய மேல்முறையீட்டு ஓட்டையும் இப்போது இல்லை. முடிவு திருப்தி இல்லை என்றால், அல்லது குறித்த நாளுக்குள் முடிவே வரவில்லை என்றால், 60 நாளுக்குள் அரசின் சமரச அதிகாரியிடம் போகலாம். ஆனால் அந்த மனு தொழிலாளி உறுப்பினராக இருக்கும் தொழிற்சங்கத்தின் வழியாகத்தான் போக வேண்டும். சந்தா கட்டாமல், "பிரச்சினை வந்தால் பார்ப்போம்" என்று இருப்பவருக்கு அந்த இடத்தில்தான் கதவு அடைபடும்.

இந்தக் குழு தனியாளின் குறைக்கு மட்டுமே. எண்ணிக்கைக் குறைவு, விடுபட்ட பேர், மறுத்த லீவு, பொய்க் காரணத்தில் செய்த கழிவு போன்றவற்றுக்கு. எல்லோருக்கும் நாட்சம்பளத்தை உயர்த்தக் கேட்பது சங்கம் பேச வேண்டிய விடயம், அதைக் குழுவுக்குள் விட்டால் அது கரைந்துபோகும். வேலைநீக்கமும் வேறு பாதை. அங்கே வேலையால் நிறுத்தப்பட்டவர் சமரச அதிகாரியிடம் மனுக் கொடுத்து 45 நாள் பார்த்துவிட்டு, நேரே தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதற்கு நிறுத்திய நாளில் இருந்து இரண்டு வருடம் அவகாசம்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். இலங்கையில் தனியார் தோட்டத்துக்கு இப்படியொரு குழுவை வைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. மலையகக் கம்பனித் தோட்டங்களில் கூட்டு ஒப்பந்தத்தின் வழியாகத் தலைவர், துரை, சங்கம், தொழில் அலுவலகம் என்று ஒரு படிமுறை இருந்தது. 2021இல் அந்த ஒப்பந்தத்தையும் இழந்தோம். வாவிக் கரையில் உள்ள தென்னந்தோட்டங்களும் மரமுந்திரிகைத் தோட்டங்களும் பெரும்பாலும் அந்த ஒப்பந்தத்துக்குள் ஒருநாளும் இருந்ததில்லை. நமக்கு இருப்பது தொழில் திணைக்களமும் தொழில் நியாயசபையும்தான். இரண்டும் இரண்டு வேலைக்கு. கூலிக் குறைவு, சேமலாப நிதி கட்டாதது போன்றவை தொழில் அலுவலகத்துக்கு. வேலைநீக்கம் நியாயசபைக்கு. தம்பியின் 200 காயை நியாயசபைக்குக் கொண்டுபோனால் நாளும் காசும் வீணாகும்.

அதனால் குழுவைச் சட்டம் தரும் வரை காத்திருக்காமல், குழுவுக்குக் கொடுப்பதுபோலவே முறைப்பாட்டை எழுத வேண்டும் என்கிறோம். தம்பியின் கடிதத்தில் இவ்வளவு போதும்: எந்தத் தேதி, எந்தப் பகுதி, தான் எண்ணியது 900, கணக்கில் 700, எண்ணும்போது பக்கத்தில் நின்ற இருவரின் பெயர், சிறுகாயைக் கழிக்கும் வழக்கம் முன்னர் அறிவிக்கப்படவில்லை என்பது, 200 காய்க்கான கூலியை அடுத்த சம்பளத்தில் சேர்க்க வேண்டும், பதிலை 30 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும் என்ற கோரிக்கை. "எங்களை மனிசராக மதிப்பதில்லை" என்று தொடங்க வேண்டாம். அது உண்மைதான், ஆனால் பதில் சொல்லாமல் தப்ப அதுவே வழியாகிவிடும். லயத்துக் கூரையையும் குடிதண்ணீரையும் அதே கடிதத்தில் சேர்க்கவும் வேண்டாம். அவற்றுக்கு வேறு கடிதம் எழுதலாம்.

கடிதத்தில் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் கந்தோரில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். போட மறுத்தால் சண்டை வேண்டாம், பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை ஒட்டி வையுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அந்தப் பிரதியோடு சங்கம் தொழில் அலுவலகத்துக்குப் போகும். தோட்டத்தின் சம்பளப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பார்க்கும் அதிகாரம் தொழில் அதிகாரிக்கு உண்டு. நம் கொப்பியில் தேதிவாரியாக எண்ணிக்கை இருந்தால்தான் அவர் பதிவேட்டோடு ஒப்பிட ஏதாவது இருக்கும்.

ஓர் இடத்தில் மட்டும் பொறுமை கூடாது. வேலையால் நிறுத்தப்பட்டவர் நியாயசபைக்குப் போக ஆறு மாதம்தான் அவகாசம். அந்த மனுவை அவருக்காகச் சங்கமும் போடலாம். "துரை திரும்ப எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்", "அடுத்த சீசனுக்குப் பார்ப்போமாம்" என்ற பேச்சில் அந்த ஆறு மாதம் போய்விடும், பிறகு நியாயம் நம் பக்கம் இருந்தாலும் வாசலில் நின்று திரும்ப வேண்டும். பேச்சு நடக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வேலை நிறுத்திய நாளைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி, நான்காம் மாதம் முடிய முன்னர் சங்கத்துக்கு வந்துவிடுங்கள். மனு எழுதவும் கடதாசிகளைச் சேர்க்கவும் நமக்கு நாள் வேண்டும். இடையில் "கணக்கு முடிக்க" என்று எதையாவது நீட்டினால், வாசிக்காமல் கைநாட்டு வைக்காதீர்கள். முழுவதும் பெற்றுக்கொண்டேன் என்று அதில் ஒரு வரி இருக்கலாம்.

அடுத்த மாதக் கிளைக் கூட்டத்தில், 20 பேருக்கு மேல் வேலை செய்யும் நம் தோட்டங்களில் இரு தரப்பும் சமமாக இருக்கும் குழு ஒன்றை நிர்வாகம் ஏற்க வேண்டும் என்ற கோரிக்கையை வைக்கிறோம். தொழிலாளர் பக்கத்துக்கு யாரை அனுப்புவது என்பதை அந்தந்தத் தோட்டமே முடிவு செய்து வர வேண்டும். பெண்கள் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்ற கணக்கையும் தலைவிமார் எழுதிக் கொண்டுவாருங்கள். கடிதம் எழுதத் தெரியாதவர்கள் தயங்க வேண்டாம். பள்ளிக்கூடம் விட்ட பிறகு செவ்வாயும் வியாழனும் நாம் அங்கேதான் இருக்கிறோம். எண்ணிக்கைக் கொப்பியை மட்டும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.