புளொக் செய்துவிட்டு ஓடுபவர்



செயலி செய்யும் இளையவர்கள் சிலர் அண்மையில் எங்களுக்கு எழுதியிருந்தார்கள். எல்லோருடைய கேள்வியும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: "ஆட்கள் ஒருவரோடொருவர் கதைக்கக்கூடிய செயலி என்றால் புளொக் பொத்தானும் ரிப்போர்ட் பொத்தானும் இல்லாமல் கடைக்குள் விடமாட்டார்களாமே, உண்மையா?" உண்மைதான். பொத்தானை வரைவது ஒரு பின்னேர வேலை. பொத்தானை அழுத்திய பிறகு நடப்பதைப் பற்றித்தான் இந்தப் பக்கத்தில் கதைக்க விரும்புகிறேன்.

அப்பிள் கடையின் விதிகளில் 1.2 என்ற பகுதி இதற்கானது. பயனர்கள் தாங்களே எழுதியும் படம் போட்டும் பகிரும் செயலி நான்கு வசதிகளை வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. மோசமானவை வெளிவருமுன் வடிகட்ட ஒரு வழி, வந்தபின் முறையிட ஒரு வழி, தொல்லை தருபவரைத் தடுக்க ஒரு வழி, செயலியை நடத்துபவரைத் தொடர்புகொள்ள ஒரு முகவரி. நிராகரித்து அனுப்பும் பதிலில், முறைப்பாடு வந்து 24 மணித்தியாலத்துக்குள் அந்தப் பதிவை நீக்கி, போட்டவரையும் வெளியேற்ற வேண்டும் என்று எழுதுவார்கள். கூகுள் பிளேயும் செயலிக்குள்ளேயே முறையிடவும் தடுக்கவும் வசதி கேட்கிறது. ஒருவர் எதையாவது பதியுமுன் விதிமுறைகளை ஏற்றிருக்க வேண்டும் என்பதும் அங்கே நிபந்தனை.

இனி ஒரு கற்பனைக் கணக்கு. கொக்குவில் சந்தியை அண்டிய நாலைந்து பேர் சேர்ந்து, பழைய பொருட்களை வாங்கி விற்கும் ஒரு செயலி செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் லுமாலா சைக்கிள் ஒன்றுக்கு விளம்பரம் போடுகிறார், விலை 30,000 ரூபா. கோண்டாவிலில் இருக்கும் ஒரு மாணவி செயலிக்குள்ளேயே அவரோடு கதைக்கிறாள். "வேறு ஆட்களும் கேட்கினம் தங்கச்சி, 5,000 முற்பணம் போட்டால் உங்களுக்கே வைக்கிறன்" என்கிறார். அவள் வங்கிக் கணக்குக்குக் காசு போடுகிறாள். அடுத்த நிமிடம் அவர் அவளை புளொக் செய்துவிடுகிறார்.

இப்போது அவளுடைய திரையைப் பாருங்கள். புளொக் என்றால் இருவரும் ஒருவரையொருவர் காணக்கூடாது என்று எங்கள் இளைஞர்கள் மிக ஒழுங்காகச் செய்துவைத்திருக்கிறார்கள். அதனால் அவருடைய பக்கம் மறைந்துவிட்டது, விளம்பரம் மறைந்துவிட்டது, கதைத்த கதையும் மறைந்துவிட்டது. ரிப்போர்ட் பொத்தான் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. தொல்லையிலிருந்து பாதுகாக்க வைத்த கதவு, காசை எடுத்தவர் தப்பி ஓடவும் அவருக்குப் பின்னால் பூட்டிக்கொள்ளவும் உதவிவிட்டது.

சந்தைச் செயலி செய்பவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இதுதான். வழி கடினமானதல்ல. உரையாடலில் புளொக் புதிய செய்திகளை மட்டுமே நிறுத்த வேண்டும். பழைய உரையாடல் இரண்டு பக்கமும் அப்படியே இருக்க வேண்டும், தடுக்கப்பட்டவரும் அதற்குள்ளிருந்து முறையிடக்கூடியதாக இருக்க வேண்டும். தடையைத் திரையில் மட்டும் மறைத்துச் செய்தாலும் பயனில்லை. செய்தி சேவையகத்துக்குப் போகும்போதே அங்கே சரிபார்த்து மறிக்க வேண்டும், இல்லையென்றால் செயலியின் பழைய பதிப்பு வைத்திருப்பவர் தொடர்ந்து எழுதிக்கொண்டிருப்பார். அப்பிள் இப்போது இன்னொன்றும் எதிர்பார்க்கிறது: ஒருவர் புளொக் செய்தால் அந்தத் தகவல் செயலியை நடத்துபவருக்கும் போக வேண்டும். முற்பணம் வாங்கிய கையோடு ஒரே கணக்கு பல பேரை புளொக் செய்கிறது என்றால், ஒருவரும் முறையிடாமலேயே உங்களுக்கு விளங்கிவிடும்.

முறைப்பாட்டிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மாணவி முறையிட்ட அடுத்த கணம் விற்பவர் விளம்பரத்தை அழிப்பார், அல்லது 'விற்பனையாகிவிட்டது' என்று மாற்றுவார். நீங்கள் இரவு சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கும்போது அங்கே ஒன்றும் இராது. ஆகவே பொத்தானை அழுத்திய நேரத்தில் விளம்பரமும் படமும் கடைசிச் செய்திகளும் எப்படி இருந்தனவோ, அதன் பிரதி ஒன்றை அப்போதே தனியாக எடுத்துவைக்க வேண்டும். வட்ஸ்அப்பில் உரையாடல் பூட்டப்பட்டிருப்பதால் நிறுவனத்தால் அதை வாசிக்க முடியாது. ஆனாலும் நீங்கள் ஒருவரைப் பற்றி முறையிட்டால், அவர் உங்களுக்கு அனுப்பிய கடைசி ஐந்து செய்திகள் நிறுவனத்துக்குப் போகின்றன. ஆதாரம் முறையிடுபவரின் கையிலிருந்துதான் வருகிறது.

பத்து முறைப்பாடு வந்தால் விளம்பரம் தானாக நீங்கிவிடும் என்று வைப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பக்கத்துக் கடைக்காரரின் மருமகன்மார் பத்துப் பேர் சேர்ந்தால் நல்ல வியாபாரி ஒருவரை ஒரே இரவில் தூக்கிவிடலாம். எண்ணிக்கை கூடினால் வரிசையில் மேலே வரட்டும். தீர்ப்பு ஒரு மனிதருடையதாக இருக்கட்டும்.

அந்த மனிதருக்கு என்ன மொழி தெரியும் என்பது எங்கள் நாடு பட்டறிந்த விஷயம். 2018 மார்ச்சில் திகனையிலும் கண்டியின் பிற இடங்களிலும் முஸ்லிம்களுக்கு எதிராக வன்முறை வெடித்தபோது, பேஸ்புக்கில் சிங்களத்தில் வெறுப்புப் பதிவுகள் குவிந்தன. ரிப்போர்ட் பொத்தான் அங்கே இல்லாமலில்லை. பலர் அழுத்தினார்கள். விதிமீறல் இல்லை என்று பதில் வந்ததாக, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உள்ளிட்ட சிவில் அமைப்புகள் அந்த ஏப்ரலில் மார்க் சக்கர்பேர்க்குக்குப் பகிரங்கக் கடிதம் எழுதின. சிங்களம் தெரிந்து பார்க்கப் போதிய ஆட்கள் இருக்கவில்லை. அரசு பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் ஒரு வாரமளவில் மூடிவைத்தது. 2020 மே மாதத்தில் பேஸ்புக் தான் நியமித்த சுயாதீன ஆய்வை வெளியிட்டு, தன் தளம் தவறாகப் பயன்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டது.

எங்கள் கொக்குவில் செயலிக்கும் மொழிச் சிக்கல் வேறு உருவில் வரும். வடிகட்டியில் கெட்ட சொற்களின் பட்டியல் ஒன்றைப் போடுவார்கள். 'நாய்' என்று அதில் எழுதினால், 'நாய்க்குட்டி விற்பனைக்கு' என்ற நல்ல விளம்பரம் நின்றுவிடும். திட்டுபவரோ `naai` என்றும் `nai` என்றும் `naay` என்றும் ஆங்கில எழுத்தில் தட்டிவிட்டுப் போய்க்கொண்டேயிருப்பார். தமிழில் சொல்லோடு உருபு ஒட்டுவதால் முழுச் சொல்லை மட்டும் பொருத்திப் பார்த்தாலும் பாதி தப்பிவிடும். அதனால் இந்தப் பட்டியல் எதையும் நேரே அழிக்காமல், சந்தேகமானதைப் பார்வைக்கு அனுப்பினால் போதும். பட்டியலை நிரப்ப நல்ல வழி, வந்த முறைப்பாடுகளை மாதம் ஒருமுறை வாசித்து அவற்றிலிருந்து சொற்களை எடுப்பதுதான்.

வெளியேற்றப்பட்டவர் புதிய சிம் ஒன்றோடு திரும்பி வருவார், அதை முற்றாக மறிக்க இயலாது. புதிய கணக்குக்கு முதல் வாரத்தில் இரண்டு விளம்பரம்தான் என்று வைத்தாலே பாதி ஆட்கள் சலித்துப்போவார்கள். காசு போனவர் பொலிஸுக்குப் போனால் கொடுக்க, நீங்கள் எடுத்துவைத்த அந்தப் பிரதி உதவும்.

கடைக்கு அனுப்பும் நாளில் ஒரு சிறு வேலை செய்யுங்கள். பரிசோதிப்பவர் வெறும் செயலியைத் திறந்தால் அங்கே முறையிட ஒருவரும் இருக்கமாட்டார்கள், பொத்தான் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார். இரண்டு பரீட்சார்த்தக் கணக்குகளும், ஒன்றிலிருந்து மற்றதற்கு அனுப்பிய சில செய்திகளும் ஒரு விளம்பரமும் முன்கூட்டியே போட்டுவைத்து, எந்தத் திரையில் எந்த மூலையில் பொத்தான் இருக்கிறது என்று குறிப்புப் பெட்டியில் எழுதிவிடுங்கள். தொடர்பு முகவரியாக, நீங்கள் நாளாந்தம் திறந்து பார்க்கும் மின்னஞ்சலையே கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்