நிரந்தரக் கடிதம் வந்தால் முதலில் திகதியைப் பாருங்கள்

பேர் பதிவதென்றால் என்னவென்று நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. செக்ரோலில் பெயர் ஏறிய நாளிலிருந்துதான் ஒருவருடைய சேவைக் கணக்கு ஓடும். அந்த நாள் தவறாக எழுதப்பட்டதால் பணிக்கொடையில் வருடக்கணக்கைப் பறிகொடுத்தவர்களை நாம் அறிவோம்.

இன்று நம் பிள்ளைகள் பலர் பட்டணத்துக் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய சேவைக் கணக்கு செக்ரோலில் இல்லை. நியமனக் கடிதத்திலும், தகுதிகாண் காலம் முடிந்ததும் கிடைக்கும் நிரந்தரக் கடிதத்திலும் இருக்கிறது. வேலை நிரந்தரமான சந்தோஷத்தில் அந்தக் கடிதத்தை வாசிக்காமலே பலர் கையெழுத்திட்டு விடுகிறார்கள்.

அண்மையில் நம் உறுப்பினர் ஒருவர் தம் மகளுக்கு வந்த அப்படியொரு கடிதத்தைச் சங்கக் காரியாலயத்துக்குக் கொண்டுவந்தார். மகள் பட்டணத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் வேலை செய்யும் ஒரு மொத்த வியாபார நிலையத்தில் எழுதுவினைஞர். 2023 மார்ச் 1ஆம் திகதி ஆறு மாதத் தகுதிகாண் காலத்தோடு வேலைக்குச் சேர்ந்தார். அடிப்படைச் சம்பளம் 32,000 ரூபா. நிரந்தரமானதும் 35,000 ரூபா என்று நியமனக் கடிதத்திலேயே எழுதியிருந்தது. ஆகஸ்ட் 31ஆம் திகதி ஆறு மாதம் முடிந்தது. தகுதிகாண் காலத்தை நீடிப்பதாக யாரும் சொல்லவில்லை. நிரந்தரக் கடிதம் கைக்கு வந்ததோ நவம்பர் 20ஆம் திகதி. அது ஆங்கிலத்தில் இருந்தது. கீழே கையெழுத்திட்டு ஒரு பிரதியை அன்றைக்கே திருப்பித் தரும்படி சொல்லியிருந்தார்கள்.

நாம் அந்தக் கடிதத்தை வரி வரியாக வாசித்தோம். மூன்று இடங்களில் நிற்க வேண்டியிருந்தது.

முதலாவது, நடைமுறைக்கு வரும் திகதி. நிரந்தரமும் புதிய சம்பளமும் ‘இக்கடிதத் திகதியிலிருந்து’ என்று இருந்தது. கடிதம் எழுதிய திகதி வேறு, அது நடைமுறைக்கு வரும் திகதி வேறு. தகுதிகாண் காலம் ஆகஸ்ட் 31இல் முடிந்ததால், நிரந்தரம் செப்டெம்பர் 1இலிருந்து வர வேண்டும். கடிதத்தை அடிக்க நிர்வாகம் தாமதித்ததற்கு ஊழியர் பொறுப்பல்ல. செப்டெம்பர், ஒக்டோபர் இரண்டு மாதத்துக்கும் 3,000 ரூபா வீதம் 6,000 ரூபா. நவம்பரின் முதல் 19 நாளுக்கு 1,900 ரூபா. மொத்தம் 7,900 ரூபா நிலுவை. இதற்கு முதலாளி செலுத்த வேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதமும் சேர்ந்து 1,185 ரூபா.

இரண்டாவது இடம் இதைவிடப் பெரியது. ‘இந்த நியமனம் முந்தைய நியமனங்கள் அனைத்துக்கும் பதிலாக அமையும், சேவை இத்திகதியிலிருந்து கணக்கிடப்படும்’ என்று ஒரு வசனம். பார்க்கச் சாதாரணமாகத் தெரியும். ஆனால் அதை ஒப்புக்கொண்டால் அந்தப் பிள்ளை ஏற்கெனவே உழைத்த எட்டு மாதத்துக்கு மேற்பட்ட காலம் கணக்கிலிருந்து போய்விடும்.

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடச் சேவையைப் பூர்த்தி செய்தவருக்கே பணிக்கொடை உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம். சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் இந்தப் பிள்ளைக்கு 2028 பெப்ரவரி முடிவில் ஐந்து வருடம் நிறையும். கடிதத் திகதியிலிருந்து எண்ணினால் 2028 நவம்பர் வரை காத்திருக்க வேண்டும். இடையில் ஜூலை மாதம் திருமணமாகியோ வேறு வேலை கிடைத்தோ விலகினால், சம்பளம் 35,000 ரூபாவாகவே இருந்தாலும் 87,500 ரூபா பணிக்கொடை பற்றிச் சண்டை பிடிக்க வேண்டிவரும். தகுதிகாண் காலமும் சேவைதான். சேமலாப நிதியும் நிரந்தரமான நாளிலிருந்து அல்ல, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே செலுத்தப்பட வேண்டும்.

மூன்றாவது, மாறிய நிபந்தனைகள். வேலையை விட ஒரு வார முன்னறிவித்தல் என்றிருந்தது ஒரு மாதமாகியிருந்தது. இது வழக்கமான மாற்றம். இரு பக்கத்துக்கும் பொருந்துமானால் ஊழியருக்கும் பாதுகாப்பு. ஆனால் விலகும்போது சொல்லாமல் நின்றுவிட்டால் ஒரு மாதச் சம்பளத்தைக் கேட்பார்கள் என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும். அதோடு, ‘தீவின் எந்தக் கிளைக்கும் இடமாற்றலாம்’ என்றும் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். நியமனக் கடிதத்தில் இது இல்லை. தோட்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வரும் ஒரு பிள்ளையைக் கொழும்புக்கு மாற்றினால், அறை வாடகைக்கே சம்பளம் போய்விடும். இத்தகைய நிபந்தனையை முதலாளி தனியாகத் திணிக்க முடியாது. ஊழியரின் சம்மதம் வேண்டும். பிரதியில் இடும் கையெழுத்துத்தான் அந்தச் சம்மதம்.

ஆகவே அன்றைக்கே கையெழுத்திட வேண்டாம் என்றோம். ‘கடிதம் கிடைத்தது, வாசித்துப் பதில் தருகிறேன்’ என்று மட்டும் எழுதித் திகதியிட்டுக் கொடுக்கச் சொன்னோம். மறுநாள் மகளின் பெயரில் மூன்றே விடயங்களைக் கேட்டு ஒரு கடிதம் போனது: நிரந்தரமும் சம்பளமும் 2023 செப்டெம்பர் 1இலிருந்து என்று திருத்துங்கள், சேவை 2023 மார்ச் 1இலிருந்து தொடர்ச்சியானது என்று எழுதுங்கள், இடமாற்ற நிபந்தனையை நீக்குங்கள் அல்லது எல்லை வையுங்கள். நன்றி சொல்லித் தொடங்கி, பழைய நியமனக் கடிதத்தின் பிரதியை இணைத்து, மரியாதையாக எழுதப்பட்ட ஒரு பக்கக் கடிதம்.

பத்து நாளில் திருத்திய கடிதம் வந்தது. முதல் இரண்டும் கேட்டபடியே. இடமாற்றம் மாவட்டத்துக்குள், ஒரு மாத அறிவித்தலோடு என்று மாறியிருந்தது. நிலுவை டிசம்பர் சம்பளத்தோடு சேர்ந்தது. முழு வெற்றி என்று சொல்ல மாட்டோம். ஆனால் கேட்காமல் விட்டிருந்தால் எதுவும் மாறியிருக்காது.

எல்லா முதலாளியும் இப்படித் திருத்தித் தருவதில்லை. மறுத்தால், கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருவோர் தங்கள் பகுதித் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறையிடலாம். வேலையையே நிறுத்திவிட்டால் தொழில் நியாயசபைக்குப் போக ஆறு மாதம் மட்டுமே உண்டு. அதைத் தாண்டவிடக் கூடாது.

இன்னொன்று. தகுதிகாண் காலம் முடிந்தும் கடிதம் வரவில்லையென்றால், தானாகவே நிரந்தரமாகிவிட்டோம் என்று நினைத்துச் சும்மா இருக்க வேண்டாம். முடிந்த அடுத்த வாரமே எழுத்தில் கேளுங்கள். நீடிப்பதாகச் சொன்னால், எத்தனை மாதம், என்ன காரணம் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லாக நீண்டுகொண்டே போகும் தகுதிகாண் காலம், குறைந்த சம்பளத்தில் ஆளை வைத்திருக்கும் வழியாக மாறுவதை நாம் பார்த்திருக்கிறோம்.

பிள்ளைகள் நிரந்தரக் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தால், நியமனக் கடிதத்தையும் பக்கத்தில் வைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆங்கிலமோ சிங்களமோ புரியாவிட்டால் கையெழுத்திடும் முன் சங்கக் காரியாலயத்துக்குக் கொண்டுவாருங்கள். வாசித்துச் சொல்ல அரை மணித்தியாலம் போதும். இரண்டு கடிதங்களின் பிரதியையும், சம்பளச் சீட்டுகளையும், சேமலாப நிதி இலக்கத்தையும் ஒரே கோவையில் போட்டு வையுங்கள். ஐந்து வருடம் கழித்துச் சேவையைக் கணக்குப் பார்க்கும்போது அந்தக் கோவைதான் சாட்சி.