ஒரு பால் விட்டா நாலு பால் விடுற பிள்ளைகளுக்கு: ஒரு சின்ன த்ரெட்

1/ கணுக்கால் சுளுக்குன்னு ஓபிக்கு ஒன்பதாவது படிக்கிற பொண்ணு வந்தா. வாலிபால் ஆடுறவ. கூட வந்த அப்பா கேட்டார்: "கால் சரியாயிடும் டாக்டர். ஆனா மேட்ச்ல ஒரு பால் விட்டா, தொடர்ந்து நாலு விடுறா. அதுக்கு மருந்து இருக்கா?"

மருந்து இல்லை. பழக்கம் இருக்கு.

2/ ஏன் இப்படி ஆகுது? ரிசீவ் தப்பினா பாயின்ட் எதிரணிக்கு. அடுத்த சர்வீஸும் அவங்களுக்கே. விவரமான சர்வர் அதே பொண்ணுக்குத்தான் மறுபடி போடுவா. விசில் அடிச்ச 8 நொடிக்குள்ள பந்து வந்துடும். இவ மனசு இன்னும் போன பந்துலயே நிக்குது. நெஞ்சு படபடக்குது, தோள் இறுகுது. கண்ணோ சர்வரை விட்டுட்டு கேலரியில இருக்கிற அப்பாவைத் தேடுது.

3/ அவளுக்குச் சொன்னது மூணே வேலை.

உள்ளங்கையை நீ-பேடில் ஒரு தடவை துடை. 'அந்தப் பந்து முடிஞ்சுது'ன்னு அர்த்தம்.

மூச்சை இழுத்து, இழுத்ததை விட மெதுவா விடு. வெளியே விடும்போது வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைக் கொஞ்சம் தணிக்கும்.

மனசுக்குள்ள ஒரே ஒரு சொல். அதோட கண் சர்வர் கைக்குப் போகணும்.

4/ அந்தச் சொல் "விட்டுடாதே"ன்னு இருக்கக் கூடாது. அது விடுறதையேதான் ஞாபகப்படுத்தும். செய்ய வேண்டியதைச் சொல்லணும். தப்பு பண்ணதும் இவ முட்டியை நிமிர்த்தி நின்னுடுவாளாம். அதனால அவளே தேர்ந்தெடுத்த சொல்: "கீழ".

5/ இதை மேட்ச் அன்னிக்கு முதல்முறையா செஞ்சா வராது. பயிற்சியில, களைச்சுப் போன நேரத்துலயும், ஒவ்வொரு தப்புக்கும் செய்யணும். கோச் உடனே அடுத்த பந்தைப் போடணும். கை துடைச்சும் கண் தரையிலேயே இருந்தா, அது வெறும் சடங்காயிடுச்சுன்னு அர்த்தம்.

6/ பலன் தெரியுதான்னு பார்க்க, தப்புக்கு அடுத்த பந்து என்னாச்சுன்னு மட்டும் நோட்டில் குறிங்க. சில வாரம் கழிச்சு வந்தப்போ நோட்டைக் காட்டினா. ஒரு மேட்ச்ல ஆறு தப்பு. அதுல ஒண்ணுக்கு அப்புறம்தான் உடனே இன்னொரு தப்பு. மேட்ச் தோத்துட்டாங்க. ஆனா இது முன்னேற்றம்தான்.

7/ எல்லாத்துக்கும் இது தீர்வு இல்லை. முழங்கை மடங்குற பழக்கத்தை கோச்தான் திருத்தணும். தலையில பந்து பட்டு "சுத்துது, மங்கலா தெரியுது"ன்னு சொன்னா ரொட்டீன் எல்லாம் வேண்டாம். உடனே வெளியே கூட்டிட்டு வாங்க, அன்னிக்கு மறுபடி ஆட விடாதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க.

8/ என் கருத்து இதுதான், பெற்றோர்களே. "கையை நீட்டு!"ன்னு நீங்க கத்துறது சரியான திருத்தமாவே இருக்கலாம். ஆனா அந்த எட்டு நொடி பிள்ளையோடது. உங்க குரல் அவளைத் திரும்ப போன பந்துக்கே இழுத்துட்டுப் போகுது.

தோத்துட்டு வர்ற வழியில "சாப்பிட்டியா?" போதும். தப்பைப் பத்தி மறுநாள் பேசலாம், அவ தயாரா இருந்தா.

அந்த அப்பா இப்போ கேலரியில வாயைத் திறக்கிறதில்லையாம். அதுதான் அவருக்குக் கஷ்டமான பயிற்சின்னு சொன்னார்.