ஓங்கிய கல்லும் ஓதாத நெஞ்சும்

குமரிமுனைக் கரையில் நின்று நோக்குவார்க்குக் கடல்நடுவண் நிற்கும் திருவள்ளுவர் சிலை ஒரு விரல் உயரமே தோன்றும். இடையின் ஒசிவும் உயர்த்திய மூன்று விரல்களும் ஏந்திய சுவடியும் ஆங்கிருந்தே ஒருங்கு புலப்படும். அணுக அணுக நிலை மாறும். அடியில் நின்று அண்ணாந்தால் காலும் ஆடைமடிப்புமே கண்ணை நிறைக்கும். 10 அடி உயர முகமோ மேலே சுருங்கிப்போகும். கரையில் ஓர் ஆசானைக் கண்ட கண், காலடியில் ஒரு மலையையே காண்கின்றது. காண்பார் வாயடைத்து நிற்கின்றனர். அவ்வாறு நிறுத்துவது கல்லின் அளவேயன்றிக் குறளின் பொருளன்று.

அவ்வளவை எய்துதல் எளிய வினையன்று. ஆறடி மாந்தவுருவை 16 மடங்கு உயர்த்தினால் ஏறத்தாழ 95 அடியாகும். அப்பொழுது அடிப்பரப்பு 256 மடங்கே பெருக, எடையோ 4096 மடங்கு பெருகும். எனவே, அடியின் ஒவ்வோர் அங்குலமும் முன்னினும் 16 மடங்கு சுமை தாங்கவேண்டும். அழுத்தத்தைக் கருங்கல் எளிதில் தாங்கும், இழுப்பைத் தாங்காது. இடை ஒசிந்த உருவில் மேலுடலின் எடை ஒருபுறம் மிகச் சாயின், மறுபுறத்துக் கல்லிணைப்பு வாய்திறக்கும். இடர் அங்கேதான் உள்ளது.

அதனாலேயே பெருந்தச்சர் வை. கணபதித் தபதியார் முதலில் மரத்தால் உருச்செய்து நிலைப்பை ஆய்ந்தார். உடலின் நடுநூல் செல்லும் வழியை உள்வெளியாக விட்டு, அதனைச் சூழக் கற்களை அடுக்கினார். 3681 கற்கள், 7000 தொன் எடை! 2000 சனவரி முதல்நாள் திறக்கப்பெற்ற அச்சிலை, 2004-இல் ஆழிப்பேரலை மோதியபோதும் நிலைகுலையவில்லை.

அலையினும் நுண்ணிய பகை உப்பு. கடற்காற்றின் ஈரம் கல்லின் நுண்துளைகளில் புகுந்து காயுங்கால், உப்பு மணிகளாய் விளைந்து கல்லின் பொருக்கை உள்ளிருந்தே தள்ளும். வெண்படிவு பூப்பதும் மேற்பொருக்கு உதிர்வதும் அதன் அறிகுறிகள். ஈரத் தாட்கூழை அப்பி, அது காயுங்கால் உப்பை உறிஞ்சச்செய்து, பின்னர் நீர்புகாப் பூச்சிடுகின்றனர். உப்புக் காற்று ஓயாமையின், இப்பணியும் ஒருமுறையோடு முடிவதன்று.

மேடை 38 அடி. அஃது அறத்துப்பாலின் அதிகாரங்கள். சிலை 95 அடி. அது பொருளும் இன்பமும் சேர்ந்த தொகை. ஆக 133. நூலறிந்தார்க்கு அவ்வுயரம் ஒரு பொருளடக்கம். அறியார்க்கு வெறும் உயரம். மாந்தரைச் சிறுமையுறுத்தும் பேருருவை எந்நாட்டு அரசும் எழுப்பவியலும். நூலின் அளவையே தன் அளவாகக் கொண்ட சிலையோ படிக்கப்படவேண்டியது. அண்ணாந்து வியந்து மீளும் தமிழர், இல்லத்தில் மூடிக் கிடக்கும் குறளைத் திறக்காராயின், பெருந்தச்சர் அளந்த அளவு வீணே! கல்லின் உப்பை அகற்ற ஆளுண்டு; நெஞ்சின் மறதியை அகற்றுவார் யார்?