முப்பத்தொரு மின்மடல்களும் ஒரு பொல்லாத எச்சரிக்கையும்

கடந்த வாரம் எங்கள் பள்ளிப் பெற்றோரின் புலனக் குழுவில் ஓர் எச்சரிக்கை உலாவந்தது. 'கடவுச்சொல்லை மாற்றக் கேட்டு உங்களுக்கு மின்மடல் வந்தால் உங்கள் கணக்கு களவு போய்விட்டது என்று பொருள். அந்த மடலில் உள்ள இணைப்பை உடனே சொடுக்கி, கடவுச்சொல்லை மாற்றுங்கள்!' படித்தவர்களே இதைப் பகிர்ந்தார்கள். இந்த எச்சரிக்கை முழுத் தவறு. தவறு மட்டுமன்று, திருடனுக்குச் செய்யும் ஊழியமும் ஆகும்.

முதலில் ஒன்றைத் தெளிவோம். 'கடவுச்சொல் மறந்துவிட்டதா?' என்ற பொத்தானை அழுத்த எவருக்கும் உரிமை உண்டு. அதற்கு உங்கள் மின்னஞ்சல் முகவரி மட்டும் போதும். ஒருவன் அலுவலகத்துக்குப் போய் உங்கள் வீட்டு மாற்றுச் சாவியைக் கேட்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அலுவலர் அதை அவன் கையில் தருவதில்லை. உங்கள் அஞ்சற்பெட்டியில் போடுகிறார். அவன் முப்பது முறை கேட்டால் முப்பது உறைகள் உங்களிடமே வந்து சேரும். ஆக, அம்மடல்கள் சொல்வது ஒன்றே: உங்கள் முகவரியை எவனோ அறிந்திருக்கிறான். அவனிடம் கடவுச்சொல் இருக்கிறது என்பதற்கு அவை சான்றாகா.

அப்படியானால் கண்டுகொள்ளாமல் இருந்துவிடலாமா? கூடாது. எங்கள் மாணவி ஒருத்தியின் தாயாருக்கு ஒரே இரவில் 31 மடல்கள் வந்தன. மறுநாள் மாலை அவரோடு அமர்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். முப்பது மடல்கள் உண்மையானவை. அந்நிறுவனத்தின் முகவரியிலிருந்தே வந்தவை. எஞ்சிய ஒன்று தோற்றத்தில் அவற்றின் இரட்டைப்பிறவி. ஆனால் அனுப்புநர் முகவரியில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. இணைப்பும் வேறொரு தளத்துக்குப் போனது. முப்பது மெய்கள் அந்த ஒரு பொய்க்குக் கட்டியம் கூறின! குழுவின் எச்சரிக்கைப்படி அவர் அந்த இணைப்பைச் சொடுக்கியிருந்தால், பழைய கடவுச்சொல்லைத் தம் கையாலேயே திருடனிடம் தட்டச்சு செய்து கொடுத்திருப்பார்.

மடலில் இணைப்புக்குப் பதிலாக எண் வந்தால் செய்தி வேறு. இணைப்பில் ஒளிந்திருக்கும் நீண்ட குறியை ஊகித்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆறு இலக்க எண்ணோ மொத்தம் 10 இலட்சம் வாய்ப்புகளுக்குள் அடங்கிவிடும். எத்தனை முறை தவறாக இடலாம் என்ற வரம்புதான் அங்கே காவல். அந்தக் காவலும் தளர்ந்ததுண்டு. சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர் லட்சுமண் முத்தையா 2019 சூலையில் இன்ஸ்டாகிராமின் அத்தகைய குறையை வெளிப்படுத்தினார். அங்கே எண் பத்து நிமிடம் செல்லுபடியாகும். ஒரே முகவரியிலிருந்து பல முறை முயன்றால் தடை விழும். அவரோ ஆயிரம் வேறு வேறு இணைய முகவரிகளிலிருந்து இரண்டு இலட்சம் எண்களை அனுப்பிக் காட்டினார். ஐந்தாயிரம் முகவரிகள் இருந்தால் பத்து இலட்சத்தையும் முயன்றுவிடலாம். அதற்கு ஏறத்தாழ 150 அமெரிக்க டாலர்தான் செலவாகும் என்றார். அக்குறை சரிசெய்யப்பட்டது, அவருக்கு 30,000 டாலர் பரிசும் கிடைத்தது.

ஆனால் பெரும்பாலான திருடர்கள் இவ்வளவு உழைப்பதில்லை. தொலைப்பேசியில் அழைத்து, "உங்கள் கணக்கைக் காப்பாற்றுகிறோம், வந்த எண்ணைச் சொல்லுங்கள்" என்று கேட்பதே அவர்களுக்கு எளிது. எண்ணைக் கேட்பவர் எவராயினும் அவர் திருடரே.

சரி, என்னதான் செய்வது? மடலில் உள்ள எதையும் சொடுக்காதீர்கள். தள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போங்கள். எந்தக் கருவிகள் உங்கள் கணக்கில் நுழைந்துள்ளன என்னும் பட்டியலைப் பாருங்கள். பிறகு மடற்குவியலில் 'கடவுச்சொல் மாற்றப்பட்டது', 'புதிய கருவி நுழைந்தது' என்னும் மடல் உண்டா என்று தேடுங்கள். 'மாற்றக் கேட்டார்கள்' என்பது வேறு, 'மாற்றப்பட்டது' என்பது வேறு. உண்மையான அபாய மடல் கண்ணில் படாதிருக்கவே சிலர் இக்குவியலை அனுப்புவதும் உண்டு.

இறுதியாக, அஞ்சற்பெட்டியையே சோதியுங்கள். சாவிகள் வந்து விழும் இடம் அதுதானே! உங்கள் மடல்கள் வேறு முகவரிக்குத் தானே போகும்படி எவரேனும் அமைத்திருக்கிறார்களா என்று அமைப்புகளில் பாருங்கள். மின்னஞ்சலுக்கு வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லை வையுங்கள். இருபடிச் சரிபார்ப்பையும் இயக்குங்கள். மின்னஞ்சல் திருடன் கையில் இருந்தால் மற்றக் கணக்குகளின் பூட்டு வெறும் அலங்காரமே.

அந்த எச்சரிக்கையைப் பகிர்ந்த அன்பர்களே, உங்கள் நல்லெண்ணத்தை ஐயுறவில்லை. ஆயினும் அதே குழுவில், அதே விரைவோடு, அதை மறுத்து ஒரு வரி எழுதுங்கள்.