இரண்டாவது மெட்டைக் கவனியுங்கள்!

மேனாட்டுச் சங்கீதத்தின் ‘சொனாட்டா’ அமைப்பு பண்டிதர்களுக்கே உரியது என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வேண்டியதேயில்லை. காலாப்பட்டில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்கும் ரசிகருக்கும் அது எட்டக்கூடியதே. இரண்டு மெட்டுகளை அடையாளம் கண்டுகொண்டால் போதும்.

மோசார்ட் 1788-இல் இயற்றிய நாற்பதாவது சிம்பனியின் முதல் பகுதியை எடுத்துக்கொள்வோம். அதன் தொடக்க மெட்டு நமக்குப் புதிதன்று. 1961-இல் வந்த ‘சாயா’ என்ற இந்திப் படத்தில் சலீல் சௌத்ரி அதைப் பாட்டாக்கியிருக்கிறார். ஏக்கம் ததும்பும் அந்த மெட்டு ஜி மைனரில் அமைந்தது. சற்று நேரத்தில் ஆதார சுருதி மாறி, இரண்டாவது மெட்டு பி பிளாட் மேஜரில் மலர்ச்சியுடன் வருகிறது. இது அறிமுகம்.

அடுத்தது விரிவு. இதில் முதல் மெட்டு மட்டும் துண்டு துண்டாகிச் சுருதிக்குச் சுருதி அலைகிறது. அதன்பின் மீட்சி, இரு மெட்டுகளும் திரும்பி வருகின்றன.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். விரிவு தொடங்குமுன் அறிமுகத்தை அப்படியே மறுமுறை வாசிக்கும் வழக்கம் உண்டு. அதையே மீட்சி என்று எண்ணிவிடுகிறார்கள். இரண்டாவது மெட்டு மறுபடியும் மலர்ச்சியாகவே ஒலித்தால் அது வெறும் மறுவாசிப்பு. மீட்சியிலோ அதே மெட்டு ஜி மைனருக்கு வந்து, சிரித்த முகம் வாடியதுபோல் ஒலிக்கும்.

எல்லாப் படைப்புகளிலும் இந்த வாட்டம் இராது. ஆனால் பெரும்பாலானவற்றில் இரண்டாவது மெட்டு தொடக்கச் சுருதிக்கு வந்து சேரும். பல்லவியைத் திரும்பப் பாடுவது போன்றதன்று மீட்சி. வெளியூரில் பிறந்த மெட்டு வீடு வந்து சேருவதே அது!