முப்பதுக்கு மேல் புதிதாக வந்த வலி

பதிமூன்று வயதில் வராத வலி முப்பத்துமூன்றில் ஏன் வருகிறது? இந்த ஒரு கேள்விக்குப் பதில் வாங்க எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கேட்ட இடத்திலெல்லாம் பதிலுக்குப் பதிலாக ஆறுதல்தான் கிடைத்தது. "பொம்பளைன்னா இதெல்லாம் இருக்கும்மா, வெந்தயத்தை ஊறவெச்சுக் குடி" என்றார் அத்தை. "ஒரு பிள்ளை பெத்தா சரியாயிடும்" என்றார் எதிர்வீட்டு அக்கா. நான் இரண்டு பெற்றவள், இரண்டும் சிசேரியன். பிள்ளை பெற்ற பிறகுதானே வலியே வந்தது!

பள்ளி வயதில் வரும் வலி வேறு. கர்ப்பப்பையின் உள்படலம் உதிரும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரந்து தசையை இறுக்கிப் பிழிகிறது. பூப்படைந்த ஓரிரு வருஷங்களுக்குள் தொடங்கும் அந்த வலி, உதிரம் படத் தொடங்கியதும் வந்து, இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். அதற்குப் பின்னால் பெரும்பாலும் நோய் எதுவும் இருக்காது. இத்தனை வருஷம் வலியே இல்லாதவளுக்கு முப்பதுக்கு மேல் புதிதாக வந்தால், அடியில் ஏதோ ஒன்று இருக்கிறதா என்று தேடித்தான் ஆக வேண்டும். எனக்கு உதிரம் படுவதற்கு இரண்டு நாள் முன்பே அடிவயிறும் இடுப்பும் கனக்க ஆரம்பிக்கும், முடியும்வரை விடாது. கூடவே கட்டி கட்டியாகப் போகும். மாசத்துக்கு மாசம் கூடிக்கொண்டே வந்தது.

முதலில் பார்த்த மருத்துவர் வயிற்றின்மேல் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட்டில் 'பல்கி யூட்ரஸ்', அதாவது கர்ப்பப்பை பருத்திருக்கிறது என்று வந்தது. "குழந்தை பெத்தவங்களுக்கு இப்படித்தாம்மா இருக்கும்" என்று வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஏன் பருத்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!

சொன்னவர் இரண்டாவது மருத்துவர். பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் டி.வி.எஸ். ஸ்கேனில் கர்ப்பப்பையின் பின்சுவர் முன்சுவரைவிடத் தடித்திருந்தது. சுவருக்குள் சின்னச் சின்ன நீர்க்குமிழிகள் தெரிந்தன. அடினோமயோசிஸ் என்றார். உள்பக்கம் மட்டும் இருக்க வேண்டிய படலம் தசைச்சுவருக்குள் புகுந்துவிடுகிறது. மாதாமாதம் அங்கேயும் வீங்கிக் கசிகிறது. வெளியேற வழியில்லாததால் சுவர் தடித்து, வலியும் போக்கும் கூடுகின்றன. பிள்ளை பெற்றவர்களிடமும், கர்ப்பப்பையில் சிசேரியன், டி அண்ட் சி போன்றவை நடந்தவர்களிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9-க்கு வந்திருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியதற்கு வயசைக் காரணம் சொன்னவர்களை நினைத்தால் இப்போதும் ஆற்றாமையாக இருக்கிறது.

எல்லோருக்கும் இதுவேதான் என்று சொல்ல மாட்டேன். ஃபைப்ராய்டு கட்டி கர்ப்பப்பையின் உள்ளறையை நோக்கி வளர்ந்தாலும் போக்கும் வலியும் கூடும். தாம்பத்தியத்தின்போதும், அந்த நாட்களில் மலம் கழிக்கும்போதும் வலித்தால் எண்டோமெட்ரியோசிஸை நினைக்க வேண்டும். சினைப்பையில் வரும் 'சாக்லேட் கட்டி' அதன் ஒரு வடிவம். ஸ்கேன் சரியாக இருந்தாலும் எண்டோமெட்ரியோசிஸ் இல்லை என்று ஆகாது. காப்பர் டி போட்ட முதல் சில மாதங்களில் வலி வருவதுண்டு. காய்ச்சலும் நாற்றமுள்ள வெள்ளைப்படுதலும் சேர்ந்தால் கிருமித்தொற்று. அதற்கு அடுத்த மாதம்வரை காத்திருக்கக் கூடாது. நாள் தள்ளிப்போய், ஒரு பக்கமாக வலி வந்து, லேசாக உதிரம் கண்டால் உடனே கர்ப்பப் பரிசோதனை செய்ய வேண்டும். கரு குழாயில் தங்கியிருந்தால் உயிருக்கே ஆபத்து.

காரணம் தெரியாமல் அலைந்ததைவிட எனக்குப் பெரிய ஆதங்கம் வேறொன்று. காரணம் தெரிந்ததுமே, "ரெண்டு பிள்ளை ஆச்சுல்ல, கர்ப்பப்பையை எடுத்துடுங்க" என்று உறவினர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். எடுத்தால் தீரும் என்பது உண்மைதான். ஆனால் அது கடைசி வழி. மெஃபனமிக் அமிலம் போன்ற வலி மாத்திரையை வலி முற்றும்வரை காத்திருக்காமல், கனக்கத் தொடங்கும்போதே சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் புரோஸ்டாகிளாண்டின் சுரப்பே குறையும். குடற்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. போக்கைக் குறைக்க டிரானெக்ஸாமிக் அமிலம் இருக்கிறது. எனக்குக் கர்ப்பப்பைக்குள் லெவோநார்ஜெஸ்ட்ரல் சுரக்கும் ஹார்மோன் காயில் வைத்தார்கள். முதல் சில மாதம் சொட்டுச் சொட்டாகப் பட்டுக்கொண்டே இருந்தது. பிறகு போக்கும் குறைந்தது, வலியும் அடங்கியது. ரத்தம் ஊற இரும்புச்சத்து மாத்திரை தனியாக.

முப்பதுக்கு மேல் உங்களுக்கு வலி புதிதாக வந்திருந்தால், அது எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் அடங்குகிறது, ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், கட்டி போகிறதா என்று இரண்டு மாதம் எழுதி வையுங்கள். அந்தத் தாளோடு மகப்பேறு மருத்துவரிடம் போய், இது ஏன் இப்போது வந்தது என்று கேளுங்கள். காரணம் சொல்லாமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் இன்னொருவரிடம் போங்கள்.